ஒரு விசைக்கு ஓர் எழுத்து: புதுக்கடைத் தட்டச்சாளர் ஒருவரின் கீபோர்ட்

புதுக்கடையில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் இருபத்தாறு வருடமாக உறுதி அடித்துக்கொண்டிருக்கிற அக்கா ஒருவர், காணியின் அளவு 8.25 பேர்ச் என்று வர வேண்டிய இடத்தில் 6.25 என்று அடித்துவிட்டார். கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்டும்போது நொத்தாரிசே கண்டுபிடித்துவிட்டதால் ஒரு தாளோடு போயிற்று. இரண்டு பேர்ச் என்பது கொழும்பில் பல ஓட்டோ நிறுத்துகிற இடம். அக்கா அன்று பின்னேரம் எனக்குப் போன் எடுத்து, "தம்பி, பெரிய எழுத்து கீபோர்ட் ஒன்று எடுத்துத் தா" என்றார்.

நான் பம்பலப்பிட்டியில் கணினி திருத்துகிறவன். பார்வை குறைந்தவர்களுக்குக் கணினி ஒழுங்கு பண்ணிக் கொடுப்பது என் வேலையில் ஒரு பக்கம். தொடங்கியது என் மாமாவுக்காக, பிறகு ஒருவர் சொல்லி ஒருவர் வந்தார்கள். இங்கே எழுதுவது அக்காவின் சம்மதத்தோடு. அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விஷயங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது 57. சீனி வருத்தத்தால் விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகி, லேசர் சிகிச்சையும் நடந்து முடிந்திருக்கிறது. அதோடு இரண்டு கண்ணிலும் வெண்புரை மெல்லத் தொடங்கியிருக்கிறது. கண்ணாடி போட்டு இரண்டு கண்ணாலும் பார்த்தால் 6/36. மற்றவர் 36 மீற்றரில் நின்று வாசிக்கிற எழுத்தை இவர் 6 மீற்றருக்கு வந்தால்தான் வாசிப்பார் என்று இதற்குப் பொருள். ஆனால் கிளினிக் அட்டையில் இருக்கிற இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கீபோர்ட் வாங்கப் போகக் கூடாது. அக்கா சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: "வெளிச்சம் இல்லாட்டி ஒண்டும் தெரியாது. வெளிச்சம் கூடினா எல்லாம் பால் மாதிரி." முதல் வசனம் விழித்திரையின் குறை. இரண்டாவது வெண்புரையின் வேலை. கண்ணுக்குள் வருகிற ஒளி சிதறி எல்லாவற்றின் மேலும் ஒரு வெண்படலமாகப் படிகிறது. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் லைட்டைக் கூட்டினாலும் பிரச்சினை, குறைத்தாலும் பிரச்சினை.

மேசையில் ஏற்கெனவே இருந்த மூன்று கீபோர்ட்கள்

நான் போகும்போது அவரிடம் கீபோர்ட் இல்லாமல் இல்லை. மூன்று இருந்தன.

முதலாவது கந்தோருடையது. சாதாரண கறுப்புக் கீபோர்ட், ஒவ்வொரு விசையிலும் ஆங்கிலம், சிங்களம், தமிழ் மூன்றும் அச்சிட்டது. நம் நாட்டில் இது வழமை, தேவையும்தான். ஆனால் ஒரு விசையின் மேற்பரப்பு ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் அகலமும் 14 மில்லிமீற்றர் உயரமும்தான். அதற்குள் மூன்று மொழி, அதுவும் தமிழில் ஷிப்ட் போட்டது ஒன்று போடாதது ஒன்று என்று இரண்டு. ஆங்கில எழுத்து 3 மில்லிமீற்றர் என்றால் தமிழ் அதற்கும் கீழே.

இரண்டாவது மகன் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தது. விளையாட்டுக்காரர்கள் பாவிக்கிற, விசைக்குக் கீழே பல நிறத்தில் லைட் எரிகிற வகை. "எழுத்தே எரியுது, அம்மாவுக்கு நல்லாத் தெரியும்" என்று நினைத்து வாங்கியிருக்கிறார். பெரும்பாலானவர்கள் முதலில் ஓடிப்போய் வாங்குவதும் இதைத்தான். இருட்டறையில் உண்மையாகவே நன்றாகத் தெரியும். பகலில், கந்தோர் வெளிச்சத்தில், கதை வேறு. இவற்றில் எழுத்து என்பது விசையில் விட்டிருக்கிற ஒளி ஊடுருவும் ஓர் இடைவெளிதான். மேலிருந்து விழுகிற வெளிச்சம் கீழிருந்து வருகிற லைட்டை அமுக்கிவிட, கறுப்பின் மேல் மங்கிய சாம்பல் நிறத்தில் ஓர் எழுத்து மிஞ்சும். அடியில் இருக்கிற எல்ஈடி பெரும்பாலும் விசையின் ஒரு விளிம்புக்கு நேரே இருப்பதால் எழுத்தின் பாதி பளிச்சென்றும் மற்றப் பாதி மங்கலாகவும் தெரியும். விசைகளுக்கு நடுவில் கசிகிற ஒளியோ, வெண்புரைக் கண்ணில் நேரே போய்ப் பாலாகிறது. அக்கா அதைப் போட்டு ஒரு கிழமை வேலை செய்துவிட்டு, லைட்டை அணைத்துப் பாவிக்கத் தொடங்கினார். அணைத்தபின் அது முதலாவதை விட மோசம்.

மூன்றாவதுதான் சுவாரசியமானது. லண்டனில் இருக்கிற தங்கை அனுப்பிய, பார்வை குறைந்தவர்களுக்கென்றே செய்த பெரிய எழுத்துக் கீபோர்ட். மஞ்சள் விசை, கறுப்பு எழுத்து, ஒவ்வொன்றும் விசையை நிறைத்துக்கொண்டு நின்றது. தூரத்திலிருந்தே வாசிக்கலாம். "அப்ப ஏன் அக்கா இதைப் பாவிக்கேல்ல?" என்று கேட்டேன். "அதில அடிச்சா ஒவ்வொரு சொல்லுக்கும் ஷ வருது தம்பி."

நான் சிரித்துவிட்டேன், பிறகு அடித்துப் பார்த்ததும் புரிந்தது. அக்கா அடிப்பது பாமினி, ஆங்கில விசைகளிலேயே தமிழ் வருகிற எழுத்துரு. பாமினியில் `jkpo;` என்று அடித்தால் தமிழ் என்று வரும். உகரம் வேண்டுமென்றால் ஷிப்டைப் பிடிக்க வேண்டும். `g` என்றால் ப, `G` என்றால் பு. தமிழில் உகரம் இல்லாமல் ஒரு வரி போகாது, ஆகவே இடது சுண்டுவிரல் ஷிப்டிலேயே குடியிருக்கும். லண்டன் கீபோர்ட் பிரித்தானிய அமைப்பு. அதில் இடப்பக்க ஷிப்ட் குட்டையாகி, அதற்கும் `Z`க்கும் நடுவில் இன்னொரு விசை வரும். கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் அந்த விசை `\` தரும், பாமினியில் அது ஷ. இருபத்தாறு வருடம் பழகிய சுண்டுவிரல் ஷிப்ட் இருக்க வேண்டிய இடத்தில் போய் ஷவை அமுக்குகிறது. எழுத்து எவ்வளவு பெரிதென்பது அங்கே பேச்சே இல்லை. கீபோர்ட்டின் அமைப்பு மாறினால் கண்ணுக்கு மிஞ்சியிருக்கிற ஒரே உதவியான விரல் ஞாபகமும் போய்விடும்.

கடையில் இதைப் பார்க்க எளிய வழி உண்டு. என்டர் விசை படுத்த நீள்சதுரமாக, அதற்கு மேலே `\` தனி விசையாக, இடது ஷிப்ட் நீளமாக இருந்தால் அது நாம் பழகிய அமெரிக்க அமைப்பு. என்டர் இரண்டு வரிசை உயரமாக வளைந்து நின்று இடது ஷிப்டும் குட்டையாக இருந்தால் மற்றது.

கண் எங்கே போகிறது

8 எப்படி 6 ஆனது என்பதை முதலில் பார்த்தோம். விரல் வழுக்கினால் பக்கத்து விசைதான் விழும்: 8க்குப் பதில் 7 அல்லது 9. 6 இரண்டு விசை தள்ளி இருக்கிறது, ஆனால் உருவத்தில் 8க்கு நெருங்கிய உறவு. ஆகவே இது விரலின் பிழை இல்லை, கண்ணின் பிழை. அது தாளைப் பார்த்த கண்ணா, விசையைப் பார்த்த கண்ணா? அதே வரைபை அக்காவிடம் கொடுத்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து "எட்டு தசம் இரண்டு ஐந்து" என்று சரியாக வாசித்தார். அப்படியென்றால் விசையில்தான்.

பிறகு போனை மேசை ஓரத்தில் சாத்தி வைத்து, அவர் ஒரு பழைய உறுதியைப் பத்து நிமிடம் அடிப்பதை வீடியோ எடுத்தேன். கண் கீழே கீபோர்ட்டுக்குப் போகும் ஒவ்வொரு தடவையையும், எந்த விசைக்காகப் போனது என்பதையும் குறித்துக்கொண்டோம். மொத்தம் 41 தடவை. அதில் 17 மேல்வரிசை எண்களுக்காக. 9 தடவை, தாளைப் புரட்டிவிட்டோ மவுசைத் தொட்டுவிட்டோ வந்த கையைத் திரும்ப அதன் இடத்தில் வைப்பதற்காக. 7 கிரந்த எழுத்துகளுக்காக. 5 அழிக்கிற விசை, கேப்ஸ் லொக் போன்றவற்றுக்காக. சாதாரண எழுத்து விசைகளுக்காகப் பார்த்தது வெறும் 3.

கடையில் விற்கிற பெரிய எழுத்து ஸ்டிக்கர் தொகுதிகளைப் பாருங்கள். A முதல் Z வரை பிரமாதமாகப் பெரிதாக்கியிருப்பார்கள். நம்முடைய கணக்கில் அது 41இல் 3க்கான தீர்வு. அதுவும் ஆங்கிலத்தில், அக்காவுக்கு `f` என்றால் க, `j` என்றால் த. ஆங்கில எழுத்தைப் பெரிதாக்கி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

கிரந்தம் ஏன் ஏழு தடவை என்று வெளியூர் வாசகர் கேட்கலாம். கொழும்பில் உறுதி எழுதுகிறவருக்கு முஹம்மத், ஹாஜியார், ஷாஹுல், ஜெயராஜ் இல்லாமல் ஒரு நாளும் போகாது. பாமினியில் ஜ, ஸ, ஷ, ஹ நான்கும் `[`, `]`, `\`, `` ` `` என்று கீபோர்ட்டின் இரண்டு ஓரங்களில் கிடக்கின்றன. சுண்டுவிரல் எட்டிப் போக வேண்டிய இடம், அடிக்கடி போகாததால் ஞாபகமும் இல்லாத இடம். பார்த்தால்தான் உண்டு, பார்த்தாலும் தெரியவில்லை.

அவருடைய பழைய கீபோர்ட்டில் ஒன்றைக் கவனித்தேன். எல்லா விசையும் ஓரளவு தேய்ந்திருந்தன, ஆனால் `;` மட்டும் கண்ணாடி போல மினுங்கியது, எழுத்தே இல்லை. பாமினியில் அதுதான் புள்ளி. ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஒரு குத்து. அந்த விசையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்த்ததே கிடையாது.

எழுத்துக்கு முன் லைட்

நான் எழுத்தில் கை வைக்கு முன் லைட்டைத்தான் சரிசெய்வேன். லைட் பிழையாக இருந்தால் பிறகு செய்கிற எல்லாப் பரீட்சையும் பிழைக்கும்.

கந்தோரில் தலைக்கு மேலே ஒரு டியூப் லைட், அதுவும் அக்காவின் கதிரைக்குச் சற்று முன்னால். அந்த இடம்தான் மோசம். டியூபிலிருந்து வருகிற ஒளி விசையில் பட்டு நேரே அவர் கண்ணுக்குத் தெறிக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி போதும். கீபோர்ட்டின் மேல் அதைப் படுக்க வைத்து, பாவிக்கிறவர் வழமையாக இருக்கிறபடி இருந்து பார்க்க வேண்டும். கண்ணாடிக்குள் லைட்டோ ஜன்னலோ தெரிந்தால், அந்த விசையில் கூச்சம் இருக்கிறது. அக்கா பார்த்தபோது எண் வரிசை முழுக்க டியூப் லைட் நீளமாகப் படுத்திருந்தது. 17 தடவைக்குக் காரணத்தில் பாதி அங்கேயே தெரிந்துவிட்டது.

கூச்சம் எழுத்தை எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. வெள்ளை எழுத்திலிருந்து 80 பங்கு ஒளி வருகிறது, மங்கலான கறுப்பிலிருந்து 5 பங்கு என்று வையுங்கள். வித்தியாசம் 16 மடங்கு, அருமையான எழுத்து. இப்போது டியூப் லைட்டின் பிரதிபலிப்பு எல்லாவற்றின் மேலும் 20 பங்கைக் கூட்டுகிறது. வெள்ளை 100, கறுப்பு 25. வித்தியாசம் 4 மடங்காகச் சுருங்கிவிட்டது. எழுத்து அதே அளவு, அதே மை. நல்ல கண்ணுக்கு 4 மடங்கும் போதும், அதனால்தான் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. மாறுபாடு தெரிகிற சக்தியே குறைந்த கண்ணுக்கு எழுத்து அப்படியே கரைந்துவிடும்.

மேசையை நகர்த்த இடமில்லை. ஆகவே கதிரையையும் கீபோர்ட்டையும் ஓர் அடி அளவு பின்னுக்கு இழுத்து, டியூபின் தெறிப்பு கீபோர்ட்டுக்கு அப்பால் மேசையில் விழும்படி செய்தோம். வளைகிற கை உள்ள மேசை லைட் ஒன்றை இடப்பக்கம் வைத்தோம். பல்ப் கண்ணுக்குத் தெரியாதபடி மூடி உள்ளது, மூடியின் விளிம்பு கண் மட்டத்துக்குக் கீழே. லைட்டைக் கிட்டக் கொண்டுவருவது பெரிய பல்ப் போடுவதை விட நல்லது. 60 சென்ரிமீற்றரில் இருப்பதை 30க்குக் கொண்டுவந்தால் விழுகிற ஒளி கிட்டத்தட்ட நான்கு மடங்காகும், ஆனால் அறை முழுக்கப் பளிச்சிடாது. அக்காவுக்கு 35 சென்ரிமீற்றர் ஒத்துவந்தது. மஞ்சள் கலந்த வெள்ளையா சுத்த வெள்ளையா என்பதில் நான் விதி எதுவும் வைத்திருப்பதில்லை. இரண்டு பல்பையும் மாற்றிப் போட்டுக் காட்டினேன், அவர் மஞ்சள் கலந்ததைச் சொன்னார், அதுதான் போட்டது.

திரும்பவும் கண்ணாடியை வைத்துப் பார்த்தோம். வலது மூலையில் மட்டும் ஜன்னல் தெரிந்தது. திரைச்சீலை.

எவ்வளவு பெரிய எழுத்து

இதற்குக் கணக்கு உண்டு, கண் பரிசோதனை அட்டையிலிருந்தே வருவது. 6/6 பார்வைக்காரர் 6 மீற்றரில் வாசிக்கிற எழுத்து 8.7 மில்லிமீற்றர் உயரம். கீபோர்ட் கண்ணிலிருந்து அரை மீற்றர், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு தூரம். அங்கே அவருக்கு 0.73 மில்லிமீற்றர் போதும். 6/36 என்றால் அதன் ஆறு மடங்கு, சுமார் 4.4. ஆனால் இது முக்கி முனகி வாசிக்கிற எல்லை. ஒரு பார்வையில் பிடிக்க வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு மடங்கு: சுமார் 9 மில்லிமீற்றர். கந்தோர்க் கீபோர்ட்டின் 3 மில்லிமீற்றர் எழுத்து ஏன் அவருக்கு இல்லவே இல்லை என்பதும், ஒரு விசையில் ஏன் ஒரே ஓர் எழுத்துதான் நிற்க முடியும் என்பதும் இதிலிருந்தே தெரியும். மும்மொழிக் கீபோர்ட்டைப் "பெரிதாக்க" முடியாது. எதை விடுவது என்று முடிவெடுக்கத்தான் முடியும்.

தமிழ் எழுத்துக்கு இந்தக் கணக்கும் போதாது. ஆங்கில E-யில் மூன்று கிடைக்கோடும் ஒரு நிமிர்ந்த கோடும்தான். ண, ஷ, ஸ போன்றவற்றில் சுழிகளுக்கு இடையிலுள்ள வெளி எழுத்தின் உயரத்தில் சின்னப் பங்கு. நல்லவேளை நமக்குத் தேவைப்பட்டது நான்கே நான்கு தமிழ் எழுத்து, அவற்றையும் ஒன்றோடொன்று குழப்பாமல் இருந்தால் போதும்.

வாங்கு முன் கடதாசியில் பரீட்சித்தோம். எண்களை விசை அளவுச் சதுரங்களாக நான்கு விதமாக அச்சிட்டேன்: வெள்ளையில் கறுப்பு, மஞ்சளில் கறுப்பு, கறுப்பில் மஞ்சள், கறுப்பில் வெள்ளை. வெட்டி, விசைகளின் மேல் பரப்பி, அவருடைய கதிரையில், அவருடைய லைட்டில், நான் சொல்கிற எண்ணைத் தொடச் சொன்னேன். காலையில் மஞ்சளில் கறுப்பு நன்றாகவே இருந்தது. மத்தியானம் ஜன்னல் வெளிச்சம் கூடியபோது மஞ்சள் பரப்பே கண்ணைக் கூச வைத்தது, இரண்டு பிழை. கறுப்பில் வெள்ளை இரண்டு வேளையிலும் பிழையில்லை. மஞ்சள் விசைதான் எல்லோருக்கும் நல்லது என்று பலர் சொல்வார்கள். வெண்புரை இல்லாத, விசையின் ஓரமே தெரியாமல் தடுமாறுகிற ஒருவருக்கு அது உண்மையாகவே நல்லது. கறுப்புச் சட்டத்தில் மஞ்சள் விசை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். இவருக்கு அது இல்லை.

பரீட்சையில் எதிர்பாராத ஒன்றும் தெரியவந்தது. முதலில் நான் அச்சிட்டது மிகத் தடித்த எழுத்து. பெரிது, தடிப்பு, இரண்டும் நல்லதுதானே என்ற நினைப்பு. அதிலும் 6ஐயும் 8ஐயும் குழப்பினார். தடித்த கோடு 8இன் இரண்டு ஓட்டையையும் 6இன் வாயையும் அடைத்துவிட்டது. கறுப்பின் மேல் வெள்ளை கண்ணில் இன்னும் கொஞ்சம் விரிந்து தெரியும் என்பதால் அடைப்பு இன்னும் கூட. கோட்டின் தடிப்பை உயரத்தில் ஏழில் ஒரு பங்காகக் குறைத்து, 6இன் வாலும் 9இன் வாலும் நன்றாகத் திறந்திருக்கிற எழுத்துருவுக்கு மாற்றினேன். குழப்பம் நின்றது. கடையில் விற்கிற பல ஸ்டிக்கர்களில் இந்தத் தடிப்புப் பிழை உண்டு. வாங்கும்போது 6, 8, 9, B ஆகியவற்றை மட்டும் பார்த்தாலே தெரிந்துவிடும்.

செய்து முடித்தது

கீபோர்ட்டாக எடுத்தது யுனிட்டி பிளாசாவில் கிடைக்கிற மிகச் சாதாரணமான, வயர் உள்ள முழு நீளக் கறுப்புக் கீபோர்ட், அமெரிக்க அமைப்பு. இரண்டு விஷயம் மட்டும் பார்த்தேன். விசைகளின் மேல் மினுக்கம் இருக்கக் கூடாது. வரிசைக்கு வரிசை உயரமும் சரிவும் மாற வேண்டும், விசையின் நடுவில் குழிவு வேண்டும். மெல்லிய தட்டை விசை உள்ளவற்றில் விரல் எந்த வரிசையில் இருக்கிறது என்று தெரியாது. தனியாகக் கழற்றிப் போடுகிற விசைமூடிகளிலும் இதே இழுபறி உண்டு: எல்லா வரிசையும் ஒரே உயரமான வகையில் மேற்பரப்பு அகலம், பெரிய எழுத்து வசதியாக உட்காரும், ஆனால் விரலுக்கு வரிசை தெரியாது. அக்கா போல விரலை நம்பி அடிப்பவருக்குச் சரிவுதான் முக்கியம்.

முழு நீளக் கீபோர்ட் எடுத்ததற்கு இன்னொரு காரணம் வலப்பக்க எண் தட்டு. மேல்வரிசை எண்களைப் பார்த்து அடிப்பதை விட, `5`இன் மேட்டைத் தொட்டுப் பார்க்காமலே அடிப்பது நல்லது. "கல்குலேட்டர் மாதிரித்தானே" என்று உடனே ஒத்துக்கொண்டார். ஆனால் கை பழக மூன்று கிழமை எடுத்தது. அதுவரைக்கும் மேல்வரிசைக்கும் பெரிய எண் ஒட்டினோம்.

ஸ்டிக்கர் பஞ்சிகாவத்தைப் பக்கம் வாகனங்களுக்கு எழுத்து வெட்டுகிற ஒரு கடையில் செய்தது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, 9 மில்லிமீற்றர், மேலே மினுக்கமில்லாத படலம். கடைக்காரத் தம்பி முதலில் பளபளப்புப் படலம்தான் போட்டார், "வடிவா இருக்கும் அண்ணா" என்று. கண்ணாடிப் பரீட்சையில் அது தோற்றது, திருப்பிச் செய்ய வேண்டி வந்தது. மொத்தம் ஒட்டியது பதினாறு: பத்து எண், நான்கு கிரந்தம், அழிக்கிற விசைகள் இரண்டு. ஒவ்வொரு துண்டையும் விசையின் விளிம்புக்கு ஒரு மில்லிமீற்றர் உள்ளே நிற்கும்படி வெட்டி, மூலைகளை வட்டமாக்கினோம். விளிம்பு வரைக்கும் ஒட்டினால் விரல் ஒவ்வொரு தடவையும் அதைக் கிளப்பும். ஒட்டு முன் விசைகளை ஐசோபுரோபைல் அற்ககோலால் துடைத்துக் காயவிட்டு, ஒட்டியபின் ஒரு நாள் தொடாமல் வைத்தோம். எழுத்து விசைகளில் ஒன்றும் ஒட்டவில்லை.

கையை அதன் இடத்தில் வைக்கிற சிக்கலுக்கு `F`, `J` இரண்டிலும் ஏற்கெனவே சின்னக் கோடு உண்டு. அக்காவைக் கண்ணை மூடித் தேடச் சொன்னேன். `J` கிடைத்தது, `F` கிடைக்கவில்லை. சீனி வருத்தம் உள்ளவர்களிடம் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நரம்பு பாதித்து விரல் நுனியின் உணர்வும் குறைந்திருக்கலாம். ஆகவே இரண்டிலும் சிலிக்கன் குமிழ் ஒட்டினேன், எண் தட்டின் `5`இல் இன்னொன்று. மூன்றோடு நிறுத்தினேன். ஆசையில் பத்து இடத்தில் குமிழ் ஒட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லா இடமும் மேடாக இருந்தால் எதுவும் அடையாளமாக இராது.

கேப்ஸ் லொக் தனிக் கதை. பாமினியில் அது தெரியாமல் விழுந்தால் `j` து ஆகிறது, `k` மு ஆகிறது, தமிழ் என்று தொடங்கியது துமு என்று ஓடுகிறது. அதன் சின்ன விளக்கு அக்காவுக்குத் தெரியாது. விண்டோஸில் `Num Lock`ஐ ஐந்து விநாடி அமுக்கிப் பிடித்தால், கேப்ஸ் லொக் விழும்போதெல்லாம் ஒலி எழுப்பும் வசதியை இயக்கலாம். கந்தோர் இரைச்சலில் அந்த ஒலி கேட்கவில்லை. அக்காவுக்கு அந்த விசையே தேவையில்லை, கணினியும் அவர் மட்டும் பாவிப்பது, ஆகவே அதைச் செயலிழக்கச் செய்தேன்:

```
Windows Registry Editor Version 5.00

[HKEY_LOCAL_MACHINE\SYSTEM\CurrentControlSet\Control\Keyboard Layout]
"Scancode Map"=hex:00,00,00,00,00,00,00,00,02,00,00,00,00,00,3a,00,00,00,00,00
```

இதை `.reg` கோப்பாகச் சேமித்து நிர்வாகி உரிமையோடு இயக்கி, கணினியை ரீஸ்டார்ட் பண்ண வேண்டும். `Scancode Map` என்ற அந்த ஒரு பதிவை அழித்துவிட்டுத் திரும்ப ரீஸ்டார்ட் பண்ணினால் பழையபடி வரும். அந்தக் கணினியில் நுழைகிற எல்லோருக்கும் இது பொருந்தும் என்பதால், பலர் பாவிக்கிற இடத்தில் செய்ய வேண்டாம்.

ஆறு கிழமைக்குப் பிறகு

அதே உறுதி, அதே பத்து நிமிடம், அதே இடத்தில் போன். கண் கீழே போனது 11 தடவை. எண்ணுக்காக 4, கிரந்தத்துக்காக 5, மற்றவை 2. கையை வைக்கத் தேடியது ஒன்றும் இல்லை. கிரந்தத்தில் தடவைகள் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் முன்பு குனிந்து, மூக்கு விசையில் முட்டுகிற அளவுக்குப் போனவர், இப்போது இருந்த இருப்பிலேயே கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்க்கிறார். கழுத்து வலி குறைந்தது என்று அவரே சொன்னார். நான் அதைக் கணக்கில் எடுத்திருக்கவே இல்லை.

சீனி ஏறி இறங்குகிற நாட்களில் பார்வையும் மாறுகிறது. அந்த நாட்களில் 9 மில்லிமீற்றரும் போதவில்லை. அதற்குக் கீபோர்ட்டில் மருந்து கிடையாது. திடீரென்று கோடுகள் வளைந்து தெரிந்தாலோ கரும்புள்ளிகள் மிதந்தாலோ லைட்டைத் திருப்பிக்கொண்டிராமல் கண் வைத்தியரிடம் அன்றைக்கே போகச் சொல்லியிருக்கிறேன்.

இந்த ஒழுங்கை அப்படியே இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. தட்டச்சுப் பழகாதவர், ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி அடிப்பவர் என்றால் எல்லா விசைக்கும் பெரிய எழுத்து வேண்டும், அப்போது ஒரே மொழியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். குழாய்க்குள்ளால் பார்ப்பது போல் நடுப்பார்வை மட்டும் மிஞ்சியிருப்பவருக்குப் பெரிய எழுத்து உதவாமலும் போகலாம். அவர் கண்ணுக்குள் ஒரு நேரத்தில் மூன்று நான்கு விசைதான் விழும், அவருக்குச் சாதாரண அளவும் நல்ல மாறுபாடும் போதும்.

அக்காவோடு இன்னும் முடியாத ஒன்று இருக்கிறது. பார்வை மேலும் இறங்கினால் திரையை வாசித்துச் சொல்கிற என்விடிஏ போன்ற மென்பொருளுக்குப் போக வேண்டி வரும், அது தமிழையும் வாசிக்கும். ஆனால் பாமினி என்பது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் போட்ட எழுத்துரு. அக்கா அடித்த கொழும்பு அந்த மென்பொருளுக்கு `nfhOk;G`, அதை அப்படியே உளறும். ஆகவே யூனிகோடுக்கு மாற வேண்டும். விரல் பழக்கத்தை மாற்றத் தேவையில்லை. இகலப்பை போன்ற தட்டச்சு மென்பொருள்களில் பாமினி விசை ஒழுங்கிலேயே யூனிகோட் அடிக்கலாம், ஒட்டிய ஸ்டிக்கர்களும் வீணாகாது. கந்தோரில் இருபது வருடத்து உறுதி வரைபுகள் எல்லாம் பாமினியில் கிடக்கின்றன, அவற்றிலிருந்துதான் ஒவ்வொரு புதிய உறுதியும் வெட்டி ஒட்டி உருவாகிறது. நொத்தாரிசு சேர் "பார்ப்பம்" என்றிருக்கிறார். போன கிழமை ஹ ஸ்டிக்கரின் ஒரு மூலை கிளம்பிவிட்டதென்று அக்கா கூப்பிட்டார். மாற்றப் போனபோது, வீட்டுக் கணினியில் இகலப்பையைப் போட்டு, முஹம்மத் என்று ஒரே மூச்சில் அடித்துக் காட்டினார்.